மூன்று பேர், ஒரு தாள்: பள்ளி நாடகத்துக்கு லைட், சவுண்ட் குறிப்பு

பள்ளி ஆண்டு விழாக்களில் அடிக்கடி மேடையேறும் காட்சி, பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைப்பது. சிலம்பு உடையும், மாணிக்கப் பரல் தெறிக்கும், அரசன் சாய்வான், மதுரை எரியும். பத்து நிமிடத்துக்குள் இத்தனையும் நடக்கும்போது லைட்டையும் சவுண்டையும் கவனிக்கப் பெரும்பாலும் மூன்று மாணவர்களே இருப்பார்கள். எதை, எப்போது, யார் செய்வது என்று அவர்களுக்குச் சொல்லும் தாள்தான் க்யூ ஷீட்.

முதலில் உட்காரும் இடம். ஒருவர் மேடை ஓரத்திலும் ஒருவர் அரங்கின் பின்னாலும் இருந்தால் சைகையும் செல்போனும் தேவைப்படும், இரண்டும் தாமதமாகும். மூவரையும் அரங்கின் பின்புறம் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். நடுவில் இருப்பவர் நாடகப் பிரதியைப் பார்த்துச் சொல்வார். ஒரு பக்கம் இருப்பவர் லைட் பலகையின் தள்ளுகோல்களை நகர்த்துவார், மறுபக்கம் இருப்பவர் லேப்டாப்பில் ஒலியை இயக்குவார். லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கு ஒயர் போகட்டும். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும்.

வாடகைக்கு வந்த பலகையில் நான்கு தள்ளுகோல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: முன் வெள்ளை, அரியணை விளக்கு, சிவப்பு, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 10 வரை. லைட் க்யூக்கள் இப்படி அமையலாம்:

| லைட் | எப்போது | வெள்ளை | அரியணை | சிவப்பு | நீலம் | விநாடி |
|---|---|---|---|---|---|---|
| 10 | திரை விலகத் தொடங்கும்போது | 6 | 8 | 0 | 0 | 5 |
| 20 | கண்ணகி மேடையில் கால் வைக்கும்போது | 8 | 5 | 0 | 0 | 3 |
| 30 | அரசன் உடல் தரையில் படும்போது | 3 | 0 | 0 | 2 | 4 |
| 40 | கண்ணகி கை உயரத் தொடங்கும்போது | 2 | 0 | 9 | 0 | 8 |
| 50 | கண்ணகி பேசி முடித்ததும் | 0 | 0 | 0 | 0 | 2 |

எண்கள் பத்துப் பத்தாக நகர்வதற்குக் காரணம் உண்டு. ஒத்திகையில் ஆசிரியர் புதிதாக ஒரு மாற்றம் கேட்டால் அதை 25 என்று செருகலாம். மற்ற எண்களைத் திருத்த வேண்டியதில்லை. ‘எப்போது’ என்ற பத்தியில் கூடியவரை வசனத்தை விட்டு, கண்ணில் படும் செயலை எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் வசனத்தை மறப்பார்கள், மாற்றிச் சொல்வார்கள். ஆனால் அரசன் விழாமல் காட்சி நகராது. 40இல் வெள்ளையை 2இல் நிறுத்தியிருப்பது, வெறும் சிவப்பில் முகபாவம் எடுபடாது என்பதால்.

தாளின் உயிர்நாடி நடுவிலுள்ள நான்கு பத்திகள். பலர் ‘அரியணை விளக்கை அணை’, ‘சிவப்பைக் கூட்டு’ என மாறுவதை மட்டும் எழுதுவார்கள். அப்படி எழுதி, பதற்றத்தில் 30 தவறிப்போனால், மதுரை எரியும்போதும் வெற்று அரியணை பளிச்சென்று தெரியும். அதை அணைக்கச் சொல்லும் வரி கடந்து போயிருக்கும். ஒவ்வொரு வரியிலும் நான்கு அளவுகளையும் எழுதிவிட்டால், தவறிய க்யூவைத் துரத்த வேண்டாம். அடுத்த வரியில் உள்ளபடி வைத்தால் மேடை சரியாகிவிடும்.

ஒலிக்கு எண் வேண்டாம். இருட்டில் கிசுகிசுக்கும்போது லைட் எண்ணோடு குழம்பும். ‘முரசு’, ‘தீ’ என்று பெயர் வையுங்கள். கோப்புகளுக்கும் `1_murasu.mp3`, `2_thee.mp3` என்று வரிசையாகப் பெயரிடுங்கள். முரசு திரை விலகும் முன்பே தொடங்கி, அரசன் அமர்ந்ததும் தேயும். தீ, லைட் 40உடன் தொடங்கி, மேடை இருண்ட பிறகும் மூன்று விநாடி நீடிக்கும். சிலம்பு உடையும் ஓசையைப் பதிவு செய்யாதீர்கள். அரை விநாடி பிந்தினாலும் அரங்கம் சிரித்துவிடும். வாயிற்காவலனாக நடித்து உள்ளே போன மாணவர் மேடை ஓரத்தில் நின்று, கண்ணகியின் கையைப் பார்த்தபடியே பித்தளைத் தட்டில் ஒரு பிடி கோலிக்குண்டுகளைக் கொட்டினால் போதும். அதற்கு யாரும் சைகை காட்டவும் வேண்டாம்.

நடுவில் இருப்பவர் ஒவ்வொரு க்யூவுக்கும் அரைப் பக்கம் முன்னதாக, “லைட் 40, தீ, ரெடி” என்பார். இருவரும் “ரெடி” என்று பதில் சொல்ல வேண்டும். நேரம் வந்ததும் “லைட் 40, தீ, போடு.” கை நகர்வது ‘போடு’ என்ற சொல்லுக்குத்தான். அதனால் அந்த மேஜையில் வேறெதற்கும் அந்தச் சொல்லைப் பேசக்கூடாது.

முழு ஒத்திகைக்கு முன் க்யூக்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். நடிகர்கள் க்யூவுக்கு முந்தைய இரண்டு வரியைப் பேசி, மாற்றம் முடிந்ததும் அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டும். லைட் பார்ப்பவரின் விரல் எட்டாமல் தடுமாறினால் விநாடியைக் கூட்டுங்கள். பென்சிலில் எழுதியிருப்பது இதற்குத்தான். கடைசியாக ஒரு சோதனை: நடுவில் இருப்பவர் யாரிடமும் சொல்லாமல் 30ஐ விட்டுவிட்டு நேரே 40ஐச் சொல்லட்டும். அரியணை விளக்கு தானாக அணைந்தால் தாள் சரி. அணையாவிட்டால், ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது. விழாவுக்கு முன் அதைத் தேடி நிரப்புங்கள்.