செலவும் காலமும் நோக்கத்தோடு பொருந்துகிறதா? மாணவர் ஆய்வு முன்மொழிவை மதிப்பிடும் முறை

மாணவர்களின் ஆய்வு முன்மொழிவு கைக்கு வந்தால், தலைப்பையும் நோக்கத்தையும் கவனமாகப் படிக்கிறோம். கடைசிப் பக்கத்தில் இருக்கும் செலவுத் திட்டத்தையும் காலத் திட்டத்தையும் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறோம். அந்த ஆய்வு நடக்குமா, நடக்காதா என்பதைச் சொல்லும் பக்கம் அதுதான். நோக்கத்தில் மாணவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எத்தனை பாட்டில், எத்தனை சனிக்கிழமை என்று எழுதும்போதுதான் அவர் என்ன செய்யப்போகிறார் என்பது தெரியும்.

1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக 10 முதல் 17 வயதுக்குட்பட்ட மாணவர்கள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றுக்காகவும் பள்ளி அளவிலும் எழுதப்படும் முன்மொழிவுகளைப் படிக்கும்போது நான் பின்பற்றும் முறையை, காரைக்கால் பகுதிக்கு ஏற்ற ஒரு மாதிரி முன்மொழிவைக் கொண்டு விளக்குகிறேன். இது எந்தப் பள்ளியிலிருந்தும் வந்ததல்ல. வழக்கமாகக் காணும் கூறுகளைச் சேர்த்து நானே அமைத்தது. இதிலுள்ள விலைகளும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவையே.

மாதிரி முன்மொழிவு

ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: "மழைக்கு முன்னும் பின்னும் நம் கிணற்று நீரின் உப்புத்தன்மை". கடலோரக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மேற்கே திருநள்ளாறு வரை 12 கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு முறை நீர் எடுத்து, அதிலுள்ள குளோரைடின் அளவைக் கண்டறிய வேண்டும்.

காலத் திட்டம்: ஜூலையில் கிணறுகளைத் தேர்ந்தெடுத்தல், ஆகஸ்ட், செப்டம்பரில் நீர் மாதிரி எடுத்துச் சோதித்தல், அக்டோபரில் அறிக்கை.

செலவுத் திட்டம்: டி.டி.எஸ். மீட்டர் இரண்டு 1,200 ரூபாய், சில்வர் நைட்ரேட் 25 கிராம் 4,500, போக்குவரத்து 300, காட்சிப் பலகை, அச்சு, மாதிரி அமைப்பு 3,000, இதரச் செலவு 1,000. மொத்தம் 10,000 ரூபாய்.

கூட்டலில் பிழை இல்லை. ஆனாலும் இந்தத் திட்டப்படி இந்த ஆய்வு நடக்காது.

முதலில் காலத்தைப் பாருங்கள்

செலவைவிடக் காலத்தை முதலில் பார்ப்பது நல்லது. செலவைத் திருத்திவிடலாம், பருவத்தைத் திருத்த முடியாது.

நோக்கத்தில் "மழைக்குப் பின்" என்று இருக்கிறது. காரைக்காலுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். மழை ஓய்ந்து நீர் நிலத்தில் இறங்கிய பிறகு மாதிரி எடுக்க வேண்டுமானால் ஜனவரி அல்லது பிப்ரவரி ஆகிவிடும். மாணவர்களோ அக்டோபரில் அறிக்கையை முடிக்கிறார்கள். அதாவது, ஒப்பிட வேண்டிய இரண்டு நிலைகளில் ஒன்று வருவதற்கு முன்பே முடிவை எழுதப்போகிறார்கள்.

"மழைக்கு முன்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் இருப்பது காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. சில ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். எப்படியானாலும் நீர் இங்கு வந்து சேர மேலும் நாள்கள் ஆகும். வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கியதும் அருகிலுள்ள கிணறுகளுக்கு ஊற்று கிடைக்கிறது. எனவே ஆகஸ்டில் எடுக்கும் நீர் "மழைக்கு முந்தைய" நீராக இருந்தாலும், "ஆற்றுநீர் வந்த பிறகான" நீராகவும் இருக்கும். கோடையின் உண்மையான நிலை தெரிய மே மாதமோ ஜூன் தொடக்கமோ மாதிரி எடுக்க வேண்டும்.

ஆகவே இந்த நோக்கத்துக்கு மே முதல் பிப்ரவரி வரை காலம் தேவை. நான்கு மாதத் திட்டத்தில் அது அடங்காது. இங்கே ஆசிரியர் "காலம் போதாது" என்று எழுதி நிறுத்திவிடாமல் இரண்டு வழிகளைக் காட்டலாம். ஒன்று, நோக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கோடை விடுமுறையிலேயே தொடங்கி அடுத்த கல்வியாண்டில் அறிக்கை தருவது. மற்றொன்று, காலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நோக்கத்தை மாற்றுவது: "கடலிலிருந்து தூரம் கூடக்கூடக் கிணற்று நீரின் குளோரைடு குறைகிறதா?" இந்தக் கேள்விக்கு ஒரே பருவத்தில் விடை தேடலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும்.

வேலைநேரத்தைக் கணக்கிடுங்கள்

பருவம் பொருந்தினாலும் வேலை பொருந்த வேண்டும். 12 கிணறு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரம்பார்த்தல் என்றால் ஒரு சுற்றுக்கு 24. பிப்பெட்டில் எடுப்பது, பியூரெட்டைப் பார்ப்பது, கழுவுவது என ஒன்றுக்கு 10 நிமிடம் வைத்தால் 240 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு பாடவேளை, மொத்தம் 80 நிமிடம் ஆய்வகம் கிடைக்கும் என்றால் ஒரு சுற்று முடிய மூன்று வாரம் ஆகும். நான்கு சுற்றுக்குப் பன்னிரண்டு வாரம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சேர்த்தே ஒன்பது வாரத்துக்குக் குறைவு. அதற்குள் காலாண்டுத் தேர்வும் வருகிறது.

இதற்கும் வழி உண்டு. தூய்மையான பாட்டிலில் மூடி வைத்த நீரில் குளோரைடின் அளவு சில வாரங்களில் மாறாது. ஆகவே ஒரே நாளில் மாதிரி எடுத்துவிட்டு, சோதனையை மூன்று வாரங்களில் பிரித்துச் செய்யலாம். திருத்திய நோக்கத்துக்கு நான்கு சுற்று தேவையில்லை. ஜூலை இறுதியில் ஒன்றும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒன்றுமாக இரண்டு போதும். இந்தக் கணக்கு முன்மொழிவிலேயே இருக்க வேண்டும். "ஆகஸ்ட்: சோதனை" என்ற ஒற்றை வரியிலிருந்து எதையும் மதிப்பிட முடியாது.

செலவை நோக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்

மொத்தம் துல்லியமாக 10,000 என்று முடிந்தால் சற்று நிதானித்துப் பாருங்கள். கிடைக்கும் தொகையை முதலில் எழுதிவிட்டு, அதை நிரப்பப் பொருள்களைத் தேடியிருக்கலாம். அதைக் கண்டறிய, அதிக விலையுள்ள ஒரு பொருளை மட்டும் எடுத்து அளவைக் கணக்கிட்டால் போதும்.

இங்கே அது சில்வர் நைட்ரேட். குளோரைடு சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் 0.0141 நார்மல் கரைசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராம் சில்வர் நைட்ரேட் இருக்கும். இக்கரைசலின் 1 மி.லி. 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு உள்ள கிணற்று நீரில் 10 மி.லி. எடுத்தால் அதில் 5 மில்லிகிராம் இருக்கும். அதற்கு 10 மி.லி. கரைசல் செலவாகும். அதைவிட உப்பான நீரைக் காய்ச்சி வடித்த நீரால் நீர்த்துக்கொள்ளலாம். முதலில் திட்டமிட்ட 96 தரம்பார்த்தலுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 1 லிட்டர் கரைசல்தான் வேண்டும். வீணாவதையும் பழகிப் பார்ப்பதையும் சேர்த்து இரண்டு மடங்கு வைத்தாலும் 5 கிராம் போதும். கேட்டிருப்பதோ 25 கிராம்.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: நோக்கத்துக்குத் தேவையான எந்தப் பொருள் பட்டியலில் இல்லை? மாதிரி எடுக்கப் பாட்டில் இல்லை. முடிவுநிலையைக் காட்டும் பொட்டாசியம் குரோமேட் இல்லை. அது இல்லாமல் மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாக மாறுவதைப் பார்க்கவே முடியாது. குரோமேட் நச்சுப்பொருள், சில்வர் நைட்ரேட் தோலைக் கறுக்கச் செய்யும். அப்படியிருந்தும் கையுறையும் கண்ணாடியும் கழிவைச் சேர்க்கும் பாட்டிலும் இல்லை. இந்தச் சோதனை ஆசிரியர் அருகிலிருக்கும்போதுதான் நடக்க வேண்டும் என்பதால், காலத் திட்டத்தில் அந்த ஆசிரியரின் நேரமும் இடம்பெற வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவை மதிப்பிட்டுக் காட்டுகிறது. அது குளோரைடைத் தனியாகச் சொல்லாது. உப்பு கூடிய கிணறு எது என்று முதலில் பிரித்தறிய அது உதவும்; அதற்கு ஒன்று போதும். ஆனால் அளவைச் சரிபார்க்கும் திட்டக் கரைசல் வாங்கப்படவில்லை. சரிபார்க்காத இரண்டு மீட்டரைவிடச் சரிபார்த்த ஒரு மீட்டர் மேல்.

போக்குவரத்துக்கு 300 ரூபாய். நான்கு சுற்றுக்குப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 75. இரண்டு மாணவரும் ஓர் ஆசிரியரும் போனால் தலைக்கு 25 ரூபாய். பேருந்துப் பாதையை விட்டு விலகிய 12 கிணறுகளை அந்தத் தொகையில் ஒரே நாளில் சுற்றிவர முடியாது. அந்தந்த ஊரிலிருந்து வரும் வகுப்புத் தோழர்கள் தங்கள் கிணற்று நீரைக் கொண்டுவந்தால் செலவு குறையும். அப்படியானால் எல்லாரும் ஒரே நாளில், பாட்டிலை அதே நீரால் கழுவி, ஒரே முறையில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி நாளைக் காலத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பணத்தில் மிச்சம் பிடித்ததற்கு நேரத்தில் விலை கொடுக்கிறோம். இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

காட்சிப் பலகைக்கும் மாதிரி அமைப்புக்கும் 3,000 ரூபாய், அதாவது மொத்தத்தில் 30 விழுக்காடு. நோக்கத்தின் எந்த வரிக்கு இது உதவுகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். வரைபடமும் அறிக்கையும் அச்சிடும் அளவுக்குக் குறைத்தால், பாட்டிலுக்கும் பாதுகாப்புப் பொருளுக்கும் பணம் கிடைத்துவிடும். விரலுக்கேற்ற வீக்கம் போதும்.

"இதரச் செலவு 1,000" என்பதை நான் அடித்துவிடுவதில்லை. எதற்காக என்று எழுதச் சொல்கிறேன். உடையும் பியூரெட், மழையால் தள்ளிப்போகும் பயணம், மீண்டும் எடுக்க வேண்டிய மாதிரி என்று காரணம் இருந்தால் அது நல்ல திட்டமிடல். காலத்திலும் அப்படி ஒரு வாரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாணவரிடம் சொல்வது எப்படி?

இத்தனை குறைகளையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தால் மாணவர்கள் தொகைகளை மட்டும் மாற்றி எழுதி வருவார்கள். நான் ஒரு தாளில் மூன்று பத்தி போடச் சொல்வேன். முதல் பத்தியில் நோக்கம், ஒரு வரிக்கு ஒன்றாக. இரண்டாவதில் அதற்குத் தேவையான பொருளும் அளவும். மூன்றாவதில் அது நடக்கும் வாரம். நோக்கத்துக்கு எதிரே வெற்றிடம் இருந்தால் அந்த நோக்கம் நடக்காது. எந்த நோக்கத்துக்கும் எதிரே வைக்க முடியாத பொருள் தேவையில்லை. தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் ஒரு மாத மழையை அளக்கத் திட்டமிடும்போதும் இதே தாள் உதவும்: ஞாயிற்றுக்கிழமை மழைமானியை யார் பார்ப்பது என்ற கேள்வி அங்கே உடனே வந்துவிடும்.

இப்படித் திருத்தினால் நம் மாதிரி முன்மொழிவின் செலவு பாதியளவுக்குக் குறையக்கூடும். அது கேட்கும் கேள்வியும் சிறியதாகிவிடும். கடலின் தூரம் மட்டுமே காரணமல்ல. அரசலாற்று முகத்துவாரம் வழியே ஏறும் ஓதநீரும் கிணற்றின் ஆழமும் குளோரைடை மாற்றும் என்பதை அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும். ஆனால் அக்டோபரில் அவர்கள் கையில் 12 கிணறுகளின் உண்மையான அளவீடுகள் இருக்கும். "மழைக்குப் பின்" என்ற பத்தியை நிரப்ப எண்களைக் கற்பனை செய்யும் நிலை அவர்களுக்கு வராது.