இரண்டு துண்டில் ஒரு தொடை எலும்பு

நம் உடலிலுள்ள எலும்புகளில் மிக நீளமானது தொடை எலும்பு. வளர்ந்த மனிதரிடம் அது சுமார் 45 செ.மீ. நீளம் இருக்கும். உயிரியல் வகுப்புக்காக இதன் மாதிரியை உண்மை அளவில் முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்வதாக வைத்துக்கொள்வோம். பள்ளிகளில் காணப்படும் நடுத்தர அச்சுப்பொறியின் உள்ளிடம் 22 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். மூலைக்கு மூலை சாய்த்து அளந்தாலும் 40 செ.மீ.க்கு மேல் வராது. எனவே எலும்பை இரண்டாக வெட்டித்தான் ஆகவேண்டும்.

எங்கே வெட்டுவது? ஒவ்வொரு துண்டும் 25 செ.மீ.க்குள் அடங்க வேண்டுமென்றால், வெட்டு 20 செ.மீ.க்கும் 25 செ.மீ.க்கும் இடையே விழவேண்டும். அது தண்டுப் பகுதியின் நடு. அங்கே எலும்பு ஏறக்குறைய 28 மி.மீ. விட்டமுள்ள உருளை. இதில் ஒரு வசதி உண்டு. தட்டையான வெட்டுமுகத்தை அச்சுப்பொறியின் தட்டில் வைத்து, இரு பாதிகளையும் செங்குத்தாக நிறுத்தி அச்சிடலாம்.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. தொடை எலும்பு நேரான தடியன்று. இடுப்போடு சேரும் அதன் தலையும், முழங்காலோடு சேரும் அடிப்பகுதியும் ஒரே தளத்தில் இல்லை. பெரியவர்களிடம் தலைப்பகுதி சுமார் 15 பாகை முன்னோக்கித் திரும்பியிருக்கும். உருளையான தண்டை ஒட்டும்போது கை சற்றே சுழன்றுவிட்டால், இந்தக் கோணம் மாறிவிடும். மாதிரி பார்வைக்கு அழகாகவே இருக்கும், கற்பிப்பதோ தவறாகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் முளைகள். ஒரே ஒரு முளை வைத்தால் போதாது. துண்டு அதையே அச்சாகக் கொண்டு சுழலும். இரண்டு முளைகள் வைத்தால் சுழலாது. ஆனால் இரண்டும் ஒரே அளவாக இருந்தால், பாதியைத் திருப்பிப் போட்டும் பொருத்திவிடலாம். ஆகவே ஒன்று 6 மி.மீ., மற்றொன்று 4 மி.மீ. விட்டமாக இருக்கட்டும். அப்போது ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும்.

முளையை எலும்போடு சேர்த்தே அச்சிட்டால் என்ன? அச்சுப்பொறி பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைக்கிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள பிடிப்புதான் பொருளின் பலவீனமான இடம். நிற்கும் முளையில் அடுக்குகள் குறுக்கே அமைவதால், பக்கவாட்டில் சிறிது அழுத்தினாலே ஒடிந்துவிடும். எனவே இரு பாதிகளிலும் துளை மட்டும் விட்டு, முளைகளைத் தனியே படுக்கவைத்து அச்சிட வேண்டும். PrusaSlicer போன்ற நிரலில் வெட்டும்போது Dowel என்னும் வகையைத் தேர்ந்தால் இவ்வாறே அமையும்.

துளை முளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். 6 மி.மீ. முளைக்கு 6.3 மி.மீ. துளை என்று தொடங்கலாம். அச்சுப்பொறிக்கு அச்சுப்பொறி இது மாறும். ஆதலால் முதலில் ஒரு சிறு கட்டையில் 6.1 முதல் 6.5 வரை ஐந்து துளைகளை அச்சிட்டுப் பாருங்கள். சுத்தியல் இல்லாமல் கையால் அழுத்தினால் நுழையவேண்டும், நுழைந்தபின் ஆடக்கூடாது. அதுவே சரியான துளை.

20 மி.மீ. நீள முளைக்கு ஒவ்வொரு பாதியிலும் 11 மி.மீ. ஆழத் துளை வேண்டும். மீதமுள்ள 2 மி.மீ. பசைக்கான இடம். அடைபட்ட துளையில் முளையைச் செருகும்போது, பசையும் காற்றும் வெளியேற வழியின்றி முளையைத் திருப்பித் தள்ளும். முளையின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் தட்டையாக்கிவிட்டால் அவை வெளியேறும். அதே தட்டைப் பக்கம், அச்சிடும்போது முளை உருளாமல் தட்டில் படிந்திருக்கவும் உதவும்.

ஒட்டுமுன் பசையில்லாமல் பொருத்தி, இணைப்பைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள். சுற்றிலும் ஒரே சீராக விளிம்பு தட்டினால், முதல் அடுக்கு தட்டில் நசுங்கிப் பிதுங்கியிருக்கிறது என்று பொருள். கத்தியால் சீவினால் போதும். ஒரு பக்கம் மட்டும் தட்டினால் துண்டு நகர்ந்திருக்கிறது. துளையைச் சரிபார்க்க வேண்டும். எலும்பின் பின்புறம் நீளமாக ஓடும் மேடு, வெட்டைத் தாண்டி முறியாமல் தொடர்கிறதா என்றும் பாருங்கள்.

தட்டில் படிந்த முகம் வழவழப்பாக இருக்கும். பசை அதில் நன்றாகப் பிடிக்காது. 120 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கித் தூசியைத் துடையுங்கள். நொடியில் ஒட்டும் பசை காய்ந்தபின் எளிதில் உடையும் தன்மையுடையது. மாதிரி கீழே விழுந்தால் இணைப்பு விட்டுப்போகும். இரு குழாய்களிலிருந்து கலக்கும் எபாக்ஸி பசை இடுக்குகளையும் நிரப்பும். ஆனால் முழு வலுப்பெற ஒரு நாள் ஆகும். அதுவரை இரு பாதிகளையும் இறுகக் கட்டி வைக்கவேண்டும்.

மறுநாள் எலும்பின் அடிப்பகுதியை மேசைமேல் படுக்கவைத்து, தலைப்பக்கமிருந்து பாருங்கள். தலைப்பகுதி மேசையின் தளத்துக்குச் சற்றே சாய்ந்து முன்னோக்கி எழும்பியிருந்தால், அந்த 15 பாகை பத்திரமாக இருக்கிறது.