சொல்லைப் பிரித்து எடை போடுதல்

கணினி மாணவர்கள் எழுதும் எளிய தேடுபொறிக்கு இரண்டு படிகள் அடிப்படை. முதலில் ஆவணங்களைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். பிரித்த ஒவ்வொரு சொல்லும் ‘டோக்கன்’ எனப்படும். அடுத்து ஒவ்வொரு டோக்கனுக்கும் எடை கணக்கிட வேண்டும். தமிழ் ஆவணங்களில் முதல் படியிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

பைத்தானில் சொற்களைப் பிரிக்கப் பலரும் எழுதும் வரி இது:

```
re.findall(r"\w+", "மழை குளம்")
['மழ', 'க', 'ளம']
```

`\w` எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். யூனிகோடில் தமிழின் துணைக்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற தனி வகையில் இருப்பதால், அவை வரும் இடமெல்லாம் சொல் வெட்டுப்படுகிறது. தேடும் சொல்லும் இதே வரி வழியாகச் செல்வதால் விடை ஏதோ வந்துவிடும்; பிழை கண்ணில் படாது. ஆனால் பல், பலா, பலி மூன்றும் ‘பல’ என்றே பதிவாகும். பலாவைத் தேடினால் பல் வைத்தியக் கட்டுரையும் வந்து நிற்கும். டோக்கன்களை அச்சிட்டுப் பார்த்தால் பிழை உடனே தெரியும். தமிழுக்குரிய யூனிகோடு எல்லையை நேரடியாகக் குறிப்பிட்டால் சொற்கள் முழுதாகக் கிடைக்கும்:

```
re.findall(r"[\u0B80-\u0BFF]+", text)
```

அடுத்தது எடை. ஒரு சொல் ஓர் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்பது tf. இருபது முறை வந்த சொல், ஒரு முறை வந்ததைவிட இருபது மடங்கு முக்கியம் என்று கொள்ள முடியாது. அதனால் மடக்கை எடுக்கிறார்கள். அப்போது இருபது முறைக்கான மதிப்பு சுமார் 2.3 ஆகிறது. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லால் ஆவணங்களை வேறுபடுத்த முடியாது. அதற்காகச் சொல்லின் அருமையையும் எடையில் சேர்க்கும் முறையை 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். N என்பது மொத்த ஆவணங்கள். Df என்பது அச்சொல் இடம்பெறும் ஆவணங்கள்:

```
w = (1 + log10(tf)) * log10(N / df)
```

சொல் இல்லாத ஆவணத்தில் எடை சுழியம். சுழியத்துக்கு மடக்கை இல்லை என்பதால், அதை நிரலில் தனியாகக் கவனிக்க வேண்டும்.

மூன்று ஆவணங்களை எடுத்துக்கொள்வோம்:

1. மழை வந்தது, மழை ஓய்ந்தது, குளம் நிறைந்தது.
2. குளம் வற்றியது.
3. மழை இல்லை, குளம் காய்ந்தது.

‘மழை குளம்’ என்று தேடினால், குளம் மூன்றிலும் இருப்பதால் log10(3/3), அதாவது சுழியம். மழை இரண்டில் மட்டும் உள்ளது. Log10(3/2) சுமார் 0.176. முதல் ஆவணத்தில் மழை இருமுறை வருவதால் அதன் எடை 1.301 × 0.176, அதாவது 0.229. மூன்றாவதற்கு 0.176, இரண்டாவதற்குச் சுழியம். ஆகவே விடை 1, 3, 2 என்ற வரிசையில் வரும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. ‘மழையில்’, ‘மழையால்’ என்பவை ‘மழை’யிலிருந்து வேறான டோக்கன்களாகவே எண்ணப்படும். tf, df இரண்டும் சிதறி, பொருத்தமான ஆவணம் விடுபடும். வேற்றுமை உருபுகளை நீக்கி வேர்ச்சொல்லைப் பதிவு செய்தால் இது குறையும். ஆவணத்துக்குச் செய்த அதே நீக்கத்தைத் தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் பொருந்தாது.