எல்லாச் சாலைகளும் எல்லா ஊர்களும்

அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து ஊர்கள் உள்ளன. அ, ஆ, இ மூன்றையும் சாலைகள் முக்கோணமாக இணைக்கின்றன. இ, ஈ, உ மூன்றையும் அவ்வாறே இணைக்கின்றன. மொத்தச் சாலைகள் 6. படம் வரைந்து பாருங்கள்.

ஒவ்வொரு சாலையிலும் ஒரே முறை சென்று, புறப்பட்ட ஊருக்கே திரும்ப இயலுமா? கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களை ஆராய்ந்த ஆய்லர் இதற்கு வழி கண்டார். ஒரு சாலையால் ஊருக்குள் வந்தவர் வேறொரு சாலையால் வெளியேற வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் சாலைகள் இரட்டை எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். சாலைகள் யாவும் தொடர்புற்றிருந்தால் இதுவே போதும். இங்கு இ-யில் 4, மற்றவற்றில் 2. எனவே இயலும்: அ, ஆ, இ, ஈ, உ, இ, அ.

ஒவ்வோர் ஊரையும் ஒரே முறை கண்டு திரும்ப இயலுமா? இயலாது, இ-யை இருமுறை கடக்க நேரும். இனி ஆ-வையும் ஈ-யையும் ஒரு புதிய சாலையால் இணையுங்கள். அ, ஆ, ஈ, உ, இ, அ என ஊர்ச்சுற்று கிடைக்கிறது. ஆனால் ஆ, ஈ இரண்டிலும் சாலைகள் மூன்றாகிவிட்டதால் சாலைச்சுற்று இல்லாது போகிறது.

சாலைச்சுற்றில் எச்சாலையையும் விட இயலாது. ஆதலால் ஒவ்வோர் ஊரையும் தனித்தனியே எண்ணினால் விடை தெரிந்துவிடும். ஊர்ச்சுற்றிலோ ஒவ்வோர் ஊரிலும் இரு சாலைகளைத் தேர்ந்து, ஏனையவற்றை விட வேண்டும். தொடக்கத்தில் செய்த தேர்வின் பிழை இறுதியில்தான் வெளிப்படக்கூடும். 20 ஊர்களைச் சுற்றி வரும் வரிசைகள் ஏறத்தாழ 608 கோடி கோடி. எல்லாப் படங்களுக்கும் விரைந்து விடை தரும் முறையை எவரும் கண்டதில்லை. அத்தகைய முறை இருக்கவே முடியாது என்றும் எவரும் நிறுவியதில்லை.