கடையை மூடிய பிறகும் கணக்கில் பிடித்தம்

2024 ஜூலை 16 அன்று, பெங்களூருவில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் பைஜூஸ் நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. ஸ்பான்சர் பணத்தில் ஏறத்தாழ 158.9 கோடி ரூபாய் பாக்கி என்று இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மனுவின் மேல் வந்த உத்தரவு அது. பிள்ளையின் படிப்புக்காக மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த பெற்றோர் பலருக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் ஒரே கேள்விதான் எழுந்திருக்கும்: கம்பெனியே இந்த நிலைக்கு வந்துவிட்டது, இனி இ.எம்.ஐ. எதற்கு? ஆனால் அடுத்த மாதமும் அதே தேதியில் பணம் போகும். ஏன் போகிறது என்று புரிந்தால்தான் அதை நிறுத்தும் வழி புரியும்.

இப்படிப்பட்ட படிப்புகள் விற்கப்படும் விதத்தை முதலில் பார்க்கலாம். வீட்டுக்கு வரும் விற்பனையாளர் டேப்லெட்டைக் காட்டுவார், பிள்ளைக்கு ஒரு சின்னத் தேர்வு வைப்பார், போனில் வரும் ஓ.டி.பி.யைக் கேட்பார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பெற்றோர் 'சேர்ந்துவிட்டோம்' என்று நினைக்கும் அந்த நேரத்துக்குள் உண்மையில் மூன்று ஒப்பந்தங்கள் உருவாகியிருக்கும். படிப்பு தருவதாகக் கம்பெனியுடன் ஒன்று. அந்தப் படிப்புக்கான பணத்துக்கு ஒரு நிதி நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம் ஒன்று. மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வங்கிக்குக் கொடுத்த அனுமதி மூன்றாவது. கடன் வாங்கவைத்து ஒப்பந்தம் போடும் இந்த விற்பனை முறை பற்றி வந்த புகார்களுக்காகத்தான் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 டிசம்பரில் பைஜூஸ் தலைமைக்குச் சம்மன் அனுப்பியது.

கம்பெனி முடங்கினால் அடிபடுவது முதல் ஒப்பந்தம் மட்டும்தான். நிதி நிறுவனம் கடன் தொகையை அப்போதே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அதைப் பொறுத்தவரை கடன்காரர் நீங்கள். மூன்றாவது அனுமதியோ கம்பெனியிடம் இல்லவே இல்லை, உங்கள் வங்கியில் இருக்கிறது. அதனால்தான் மூடிய ஆபீஸின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எத்தனை முறை 'கேன்சல்' என்று அனுப்பினாலும் பிடித்தம் நிற்பதில்லை.

ஒரு கணக்கோடு பார்ப்போம். சிதம்பரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம், அப்பாவின் சம்பளக் கணக்கு மேலவீதியில் ஒரு வங்கியில் இருக்கிறது. 18 மாதப் படிப்பு, மொத்தம் 60,000 ரூபாய். கையிலிருந்து முன்பணம் 6,000. மீதி 54,000 ரூபாய் கடன், மாதம் 3,000 வீதம் 18 தவணை, ஒவ்வொரு 5-ஆம் தேதியும் பிடித்தம். ஏழு தவணை கட்டிய பிறகு வகுப்பு நின்றுவிடுகிறது, ஆசிரியர் வருவதில்லை, செயலியும் திறப்பதில்லை. அதற்குள் அவர் கொடுத்தது 27,000 ரூபாய். பிள்ளைக்குக் கிடைத்த ஏழு மாதப் படிப்பின் மதிப்பு, 60,000-ஐ 18-ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால், ஏறத்தாழ 23,333. ஆக, பெற்றதைவிட 3,667 ரூபாய் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார். ஆனால் நிதி நிறுவனத்தின் ஏட்டில் இன்னும் 33,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. இனி அவர் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த நாலு வரிக்குப் பலம் அதிகம்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்புக். பணம் போன வரியில் படிப்புக் கம்பெனியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. `ACH` என்ற எழுத்துகளோடு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். பணத்தை எடுப்பது யார் என்பதற்கு அந்தப் பெயர்தான் விடை. அது தெரியாத பெயராக இருந்தால் பதற வேண்டாம், நிதி நிறுவனமும் பெயர் மாறியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம். mca.gov.in தளத்தில் நிறுவனத்தின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால் அது செயல்பாட்டில் இருக்கிறதா, இன்னொன்றோடு இணைக்கப்பட்டதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா, திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்று தெரியும். பெயர் மாற்றிய கம்பெனி இரண்டு ஆண்டுகளுக்குப் பழைய பெயரையும் சேர்த்தே போட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கடிதத் தாளைப் பார்த்தாலே சில சமயம் விஷயம் விளங்கிவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கம்பெனி கைமாறியதாலோ பெயர் மாறியதாலோ மட்டும் உங்கள் ஒப்பந்தம் செத்துவிடாது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தபோது, அதில் கடன் வாங்கியவர்களின் கடன் கரைந்துபோகவில்லை, கடன் கொடுத்தவரின் இடத்துக்கு டி.பி.எஸ். வந்தது. சேவை தொடர்ந்து வருகிறது, பெயர்ப் பலகை மட்டும் புதிது என்றால், வேண்டாதவர் புதிய நிர்வாகத்திடம் முறையாக விலகிக்கொள்ள வேண்டும். சேவையே நின்றுபோன இடத்தில்தான் நிலைமை வேறு.

சிதம்பரத்து அப்பாவுக்கு வருவோம். அவர் வங்கிக்கு நேரில் போய், தன் கணக்கில் இருக்கும் பிடித்தத்துக்கான அனுமதிகளின் பட்டியலைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு அனுமதிக்கும் `UMRN` என்ற 20 எழுத்து எண் உண்டு. அந்த எண், நிதி நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி எல்லாம் போட்டு, 'இந்த அனுமதியை ரத்து செய்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். 'லோன் கொடுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள் சார்' என்று கவுன்டரில் சொல்லக்கூடும். காசோலையை நிறுத்தச் சொல்வதுபோல, பணம் பெறுகிறவரின் சம்மதம் இல்லாமலே கணக்குதாரர் தன் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கி வகுத்த முறை. அதைப் பணிவாக, எழுத்தில் சொன்னால் போதும். 5-ஆம் தேதி பிடித்தம் என்றால் 4-ஆம் தேதி மாலை போய் நிற்பதில் பயனில்லை. கோரிக்கைக் கோப்பு அதற்குள் வங்கிக்கு வந்து சேர்ந்திருக்கலாம். ஒரு வாரமாவது முன்னால் போக வேண்டும்.

கடனே இல்லாத வெறும் மாதச் சந்தாவாக இருந்தால் வேலை சுலபம். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்துவிடலாம். கார்டு வழியே போகிறதென்றால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வரும் குறுஞ்செய்தியிலேயே விலகும் வழி இருக்கும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கடன் இருக்கும் இடத்தில் பலர் செய்யும் காரியம் ஒன்று என்னைக் கவலைப்பட வைக்கிறது. அனுமதியை ரத்து செய்யாமல், சம்பளம் வந்ததும் பணத்தை மனைவி கணக்குக்கு மாற்றிவிட்டு, பிடித்தம் 'பவுன்ஸ்' ஆகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வங்கியும் அபராதம் போடும், நிதி நிறுவனமும் போடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. கணக்கில் பணம் போதாமல் மின்னணுப் பிடித்தம் திரும்பினால், செக் பவுன்ஸ் போலவே அதுவும் குற்றம் என்கிறது 2007-ஆம் ஆண்டு பணம் செலுத்தும் முறைமைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கணக்கில் பணம் இருக்கும்போதே, காரணத்தை எழுதி, முறையாக நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

அனுமதியை ரத்து செய்ததால் கடன் ரத்தாகிவிடாது. இதை வங்கி ஊழியரோ தெரிந்தவர்களோ சொல்லாமல் விட்டால், ஒரு வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது சிபில் ஸ்கோர் சொல்லும். எனவே வங்கிக்குக் கொடுத்த அதே நாளில் நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். வகுப்பு எந்தத் தேதியில் நின்றது, அதற்கு என்ன சான்று, மேலே பார்த்த 23,333-க்கும் 27,000-க்கும் ஆன கணக்கு, மீதி 33,000-ஐக் கம்பெனியிடமிருந்து நீங்களே வசூலித்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, இந்தத் தகராறு தீரும்வரை என்னைத் தவணை தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்ற வேண்டுகோள், இவை அதில் இருந்தால் போதும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனுக்கு cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. ரத்து செய்த பிறகும் பணம் போனால் அது உங்கள் அனுமதி இல்லாத பிடித்தம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் வங்கி.

பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் இந்தச் சிக்கலை நேராகவே தீர்த்துவைத்தது. விற்றவரோடு ஏற்பாடு செய்துகொண்டு கடன் கொடுத்தவர், விற்றவரின் தவறுக்கும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது அதன் 75-ஆவது பிரிவு. அமெரிக்காவிலும் 1976 முதல் இதே போன்ற விதி இருக்கிறது. நம் நாட்டில் அவ்வளவு வெளிப்படையான பிரிவு இல்லை. அதே வரவேற்பறையில், அதே விற்பனையாளர் கையால் படிப்பையும் கடனையும் சேர்த்து விற்ற பிறகு, 'அது வேறு, இது வேறு' என்று நிதி நிறுவனம் சொல்வதை நான் நியாயமென்று ஏற்க மாட்டேன். அந்த வாதத்தை வைக்க வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம்.

கம்பெனி பெங்களூருவிலோ மும்பையிலோ இருக்கட்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிதம்பரத்துக்காரர் கடலூர் வரை போனால் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தீர்ப்பு வரும்வரை வசூலை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். இதில் பலர் சறுக்கும் இடம், கம்பெனியை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது. திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் அந்தக் கம்பெனிமீது வழக்கு நடத்தத் திவால் சட்டத்தின் 14-ஆவது பிரிவு தடை போடும், வழக்கு அப்படியே நின்றுவிடும். நிதி நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதையும் சேர்த்திருந்தால் அதன் மீதான வழக்கு நகரும்.

கம்பெனியிடமிருந்து வர வேண்டிய 3,667 ரூபாய்க்கு, தீர்ப்பாயம் நியமித்த திவால் தீர்வாளரிடம் உரிமைகோரல் படிவம் கொடுக்கலாம். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் கடைசித் தேதியும் ibbi.gov.in தளத்தில் வரும் பொது அறிவிப்பில் இருக்கும். கொடுப்பதில் நஷ்டமில்லை, ஆனால் பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். கம்பெனியைக் கலைத்துப் பங்கிடும் நிலை வந்தால், நடவடிக்கைச் செலவு, அடமானம் பெற்ற வங்கிகள், தொழிலாளர் பாக்கி, பிற கடன் கொடுத்தவர்கள், அரசு எல்லாம் போன பிறகுதான் பெற்றோரின் முறை வரும். இதனால்தான் சண்டையை ஏற்கெனவே போன பணத்தைவிட இன்னும் போகாத 33,000-இன் பக்கம் நடத்த வேண்டும் என்கிறேன்.

இதற்கெல்லாம் சான்று வேண்டும், அந்தச் சான்று கம்பெனியின் செயலிக்குள்தான் இருக்கிறது. சர்வரை நிறுத்திவிட்டால் வகுப்பு அட்டவணையும் வருகைப் பதிவும் அரட்டைப் பதிவும் அதோடு போய்விடும். ஆசிரியர் இரண்டு வகுப்புக்கு வரவில்லை என்றாலே எல்லாப் பக்கங்களையும் தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்துவிடுங்கள். நிதி நிறுவனம் ஒரு வழிக்கு வந்து கணக்கை முடிக்கச் சம்மதித்தால், 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழைக் கையில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 'செட்டில்டு' என்று போட்டிருந்தால் மறுபடி அவர்களுக்கே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். முழுவதும் கட்டாமல் பேசி முடித்த கடன் என்றுதான் அடுத்து கடன் தர வரும் வங்கி அதைப் படிக்கும்.