சுருக்கத்தை மறைக்கும் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவச் செவிலியர்களுக்குப் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பருத்திச் சீருடை ஒன்று தரப்பட்டது. சீர்சக்கர் என்னும் துணியில் தைத்தது. கள மருத்துவமனையில் இஸ்திரிப் பெட்டிக்கு எங்கே போவது? துவைத்து, உலர்த்தி, அப்படியே உடுத்த வேண்டும். பிறந்ததிலிருந்தே கசங்கிய மாதிரி இருக்கும் துணிதான் அதற்கு ஏற்றது. புதிதாக ஒரு கசங்கல் விழுந்தாலும் அது தெரியாது.

நம் வீட்டு பீரோவில் இருக்கும் கிரேப் சேலையும் ஜார்ஜெட்டும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். தொட்டால் சொரசொரப்பு, பிடித்து இழுத்தால் கொஞ்சம் நெகிழ்வு, மடித்தால் சட்டென்று கோடு விழாத குணம். ரப்பர் நூல் எதுவும் கலக்காமல் இத்தனையும் எப்படி வருகிறது? ஒரே காரணம்தான்: துணியின் நீளத்தைவிட அதற்குள் இருக்கும் நூலின் நீளம் அதிகம். அந்த உபரி நூலைத் துணிக்குள் எப்படி அடைத்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு வகையும் வேறுபடுகிறது.

முறுக்கில் பிறக்கும் கிரேப்

அரை மீட்டர் நூலை எடுத்து, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நன்றாக முறுக்குங்கள். பிறகு முனைகளை மெல்ல அருகில் கொண்டுவாருங்கள். நூல் தன்மேலேயே சுருண்டு கொக்கி போட்டுக்கொள்ளும். கிரேப் துணியின் ரகசியம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

பட்டு கிரேப்பில் மீட்டருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை வரை முறுக்கிய நூலை ஊடையாக ஓட்டுவார்கள். வலப்பக்கம் முறுக்கியது இரண்டு இழை, இடப்பக்கம் முறுக்கியது இரண்டு இழை என்று மாற்றி மாற்றி வரும். பாவில் பெரும்பாலும் முறுக்கு குறைந்த நூல். பாவிலும் ஊடையிலும் முறுக்கேறிய நூலையே கொடுத்தால் அது ஜார்ஜெட்.

தறியிலிருந்து இறங்கும்போது இந்தத் துணி தட்டையாகத்தான் இருக்கும். பட்டு இழையைச் சுற்றியுள்ள இயற்கைப் பசை முறுக்கை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சோப்பு நீரில் வேகவைத்துப் பசையை நீக்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது. எடையில் ஏறத்தாழ கால் பங்கு பசையாகவே போய்விடும். கட்டவிழ்ந்த நூல் தண்ணீரில் உப்பி, முறுக்கைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கும். பாவு நூல்கள் அதைப் பிடித்திருப்பதால் விடுபட முடியாமல் அங்கங்கே நெளிந்து மேடும் பள்ளமுமாக நிற்கும். துணியின் அகலம் மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் குறைந்துபோகும். அப்படிக் குறைந்த அகலம்தான் பிறகு நமக்கு நெகிழ்வாகத் திரும்பக் கிடைக்கிறது. நெளிந்த ஊடை நிமிரும் அளவுக்குத் துணி விரியும், விட்டால் பெருமளவு திரும்பிவிடும்.

இரு திசை முறுக்கும் மாறி மாறி வருவதால்தான் கிரேப்பின் மேற்பரப்பு சீரான மணல்பரப்பாக இருக்கிறது. ஒரே திசை முறுக்கை மட்டும் ஓட்டினால் எல்லா இழையும் ஒரே பக்கம் திருகி, துணியின் நீளவாக்கில் வரிவரியாக மடிப்பு விழும். அதையே விரும்பிச் செய்யும் துணிகளும் உண்டு. ஆனால் இரண்டுக்கு இரண்டு என்ற வரிசை நெசவில் தவறினால், அந்த இடத்தில் குறுக்கே ஒரு பட்டை தனித்துத் தெரியும். பசை நீக்கும்வரை அந்தக் குறை கண்ணில் படாது என்பதுதான் சங்கடம்.

ஜப்பானில் கியோத்தோவுக்கு வடக்கே கடலோரம் உள்ள தாங்கோ பகுதி இந்த வித்தைக்குப் பேர்போனது. 1720-இல் கினுயா சாஹேஜி என்பவர் கியோத்தோ நகரின் நெசவுப் பேட்டையிலிருந்து இதைக் கற்றுவந்து அங்கே தொடங்கினார். கிமோனோவுக்கான சிரிமென் பட்டு இன்றும் அங்கே நெய்யப்படுகிறது. நமக்குப் பக்கத்தில் மைசூர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1912-இல் அங்கே பட்டு நெசவாலை அமைந்தது. அங்கு நெய்யப்படும் கிரேப் சேலை கொசுவத்தில் விறைக்காமல் வழிந்து இறங்குவதற்குக் காரணம் இந்த முறுக்குதான்.

தறியிலேயே புடைக்கும் சீர்சக்கர்

சீர்சக்கரில் அதிக முறுக்கு கிடையாது. தறியில் இரண்டு பாவு உருளைகள் இருக்கும். ஒன்று பாவை இறுக்கிப் பிடித்துக் கொடுக்கும், மற்றது தாராளமாக விட்டுக் கொடுக்கும். இறுக்கமான பட்டை தட்டையாக அமையும், தளர்ந்த பட்டை உபரி நூலோடு புடைத்து நிற்கும். துணியில் ஒரு துண்டு வெட்டி, இரு பட்டைகளிலிருந்தும் ஒவ்வொரு பாவு இழையை உருவி நிமிர்த்தி அருகருகே வைத்துப் பாருங்கள். புடைத்த பட்டையின் இழை கண்கூடாக நீளமாக இருக்கும்.

அதனால் இந்தப் புடைப்பை எத்தனை முறை துவைத்தாலும் இஸ்திரி போட்டாலும் நிரந்தரமாக அழிக்க முடியாது. அந்தப் புடைப்பே துணியை உடம்பில் ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்துக் காற்றுக்கு வழிவிடுகிறது. ஆனால் கிரேப் அளவுக்கு நெகிழ்வை இதில் எதிர்பார்க்கக் கூடாது. புடைத்த பட்டை நீளத் தயாராக இருந்தாலும், பக்கத்திலுள்ள தட்டைப் பட்டை விடாது. சுருக்கம் தெரியும் துணியெல்லாம் இழுபடும் என்று நினைத்து இறுக்கமாகத் தைத்துவிடக் கூடாது.

மூன்றாவது குறுக்குவழி பிளிசே. சாதாரணப் பருத்தித் துணியில் காஸ்டிக் சோடாப் பசையைக் கோடு கோடாக அச்சிடுவார்கள். பசை பட்ட இடம் சுருங்கும், படாத இடம் புடைக்கும். பார்வைக்குச் சீர்சக்கர் போலவே இருக்கும், விலை குறைவு. அழுத்தி இஸ்திரி போட்டால் புடைப்பு படிப்படியாக மங்கும்.

கசங்கல் ஏன் தெரிவதில்லை?

தட்டைத் துணியை மடித்தால் இழைகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் ஒடிந்து வளைகின்றன. அந்தக் கோட்டின் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலும் விழ, கசங்கல் கண்ணை உறுத்துகிறது. மேடுபள்ளமான துணியில் மடிப்பு நேர்கோட்டில் ஓட இடமில்லை. வளைவு பல புள்ளிகளில் சிதறிவிடும். விழுகிற சிறு கோடும் ஏற்கெனவே உள்ள ஆயிரம் நிழல்களுக்குள் கலந்துவிடும். முறுக்கேறிய நூலுக்கு நிமிர்ந்துகொள்ளும் துடிப்பும் அதிகம். ஆனாலும் மாதக்கணக்கில் கனமான அடுக்குக்கு அடியில் கிடந்தால் கிரேப்பிலும் மடிப்புத் தடம் விழத்தான் செய்யும்.

வாங்கும்போதும் தைக்கும்போதும்

கடையில் கிரேப் என்று சொல்லித் தருவது முறுக்கு நூலில் நெய்ததுதானா என்று பார்க்க, ஓரத்திலிருந்து ஓர் ஊடை இழையை உருவுங்கள். கையில் தளர்ந்ததும் அது சுருண்டு திருகிக்கொண்டால் முறுக்கு நூல். சும்மா நெளிந்து கிடந்தால், பாலியெஸ்டர் துணியில் சூடான உருளையால் பதித்த சொரசொரப்பாக இருக்கலாம். அதுவும் உழைக்கும், ஆனால் அதற்குக் கிரேப் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ரேயான் கிரேப்பில்தான் கவனம் அதிகம் வேண்டும். நனைந்தால் முறுக்கு மீண்டும் வேலை செய்யும். ஒரு மீட்டரில் எட்டு சென்டிமீட்டர் சுருங்கினாலே போதும், கச்சிதமாகத் தைத்த ரவிக்கையில் கொக்கி மாட்டாது. துவைக்கக்கூடிய ரகமானால் வெட்டுவதற்கு முன்பே நனைத்து, இழுக்காமல் உலர்த்திவிடுங்கள். பட்டு கிரேப்பை டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதே நல்லது. இஸ்திரி போடும்போது பின்பக்கமாக, குறைந்த சூட்டில், பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் நெளிவு நிமிர்ந்து துணி அகன்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய நெகிழ்வும் அதோடு போய்விடும்.