நானூறு வாடிக்கையாளர், ஒரே சேவை: சுமை யாருடையது?

கடைகளுக்குப் பில் போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நாமே கற்பனை செய்துகொண்ட உதாரணம் இது. நானூறு வணிக நிறுவனங்கள் ஒரே சேவையை மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்துகின்றன. நிறுவனத்துக்கொரு சர்வர் கிடையாது. சர்வர்களும் டேட்டாபேஸும் எல்லாருக்கும் பொது. செலவு குறைவதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு நிறுவனம் அளவுக்கு மீறி இழுத்தால் மற்ற எல்லாக் கடைகளின் கல்லாப்பெட்டியிலும் வரிசை நீளும். இப்படி இழுப்பவரைத் தொழில்நுட்ப வட்டாரத்தில் 'நாய்ஸி நெய்பர்' என்பார்கள்.

இந்தச் சேவைக்கு நிமிடத்துக்கு 12,000 கோரிக்கைகள் வருகின்றன. ஒரு கோரிக்கையை முடிக்கச் சராசரியாக 0.2 வினாடி ஆகிறது. பெருக்கினால் 2,400 வினாடி வேலை. ஒரு வொர்க்கர் நிமிடத்துக்கு 60 வினாடிதான் உழைக்க முடியும் என்பதால் எந்த நேரத்திலும் சுமார் 40 வொர்க்கர்கள் வேலையில் இருப்பார்கள். மொத்தம் இருப்பது 60. சாதாரண நாளில் இது தாராளம்.

ஒரு நாள் காலை, நிமிடத்துக்குப் பத்தைத் தாண்டாத பிழைகள் திடீரென 800 ஆகின்றன. எல்லாம் 503 வகை: 'இப்போது கவனிக்க ஆள் இல்லை' என்று சர்வர் கைவிரிப்பது. வரும் கோரிக்கைகளோ அதே 12,000தான். மொத்தக் கணக்கை வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஓர் அடிகூட நகர முடியாது. எண்ணிக்கையை வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்தாக வேண்டும்.

இப்படிப் பிரிக்க, ஒவ்வொரு கோரிக்கையோடும் அது யாருடையது என்ற அடையாளம் ஒட்டியிருக்க வேண்டும். அதை நுழைவாயிலில், சாவியைச் சரிபார்த்த உடனே ஒட்டுவது நல்லது. கோரிக்கையை அனுப்பியவர் தன் பெயர் என்று எழுதித் தருவதை நம்பினால், தவறான பெயர் வந்த நாளில் கணக்கு முழுவதும் கோணலாகும். சாவி செல்லாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுபவற்றைத் தனியாக எண்ண வேண்டும். காலாவதியான சாவியோடு ஒரு கடையின் கணினி ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால் ஆயிரக்கணக்கில் 401 பிழைகள் குவியும். பட்டியலில் அது பூதாகரமாகத் தெரியும், ஆனால் வொர்க்கர்களைப் பெரும்பாலும் தொடவே தொடாது.

பிரித்தாயிற்று. பிழைப் பட்டியலில் முதலிடம் ஒரு சூப்பர் மார்க்கெட் தொடருக்கு: நிமிடத்துக்கு 200 பிழைகள். 'இவர்கள்தான்' என்று கை நீட்டத் தோன்றும். ஆனால் அவர்கள் அனுப்புவது 3,000 கோரிக்கைகள். 3,000-இல் 200 என்றால் 6.7 சதவீதம். மொத்தச் சேவையிலும் 12,000-க்கு 800, அதே 6.7 சதவீதம். பெரிய வாடிக்கையாளர் என்பதால் அடியும் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பிழை விகிதம் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பொதுவான ஏதோ ஒன்று தீர்ந்துபோயிருக்கிறது என்று பொருள். ஒரே வாடிக்கையாளரிடம் மட்டும் விகிதம் எகிறி, மற்றவர்கள் நன்றாக இருந்தால் அது அவருடைய தனிச் சிக்கல்.

அடுத்து, கோரிக்கை எண்ணிக்கை. இங்கே யார் முதலிடம் என்று கேட்பதில் பயனில்லை. பெரியவர் எப்போதும் பெரியவர்தான். ஒவ்வொருவரையும் போன வாரம் இதே கிழமை, இதே நேரத்து எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். நம் உதாரணத்தில் யாரும் கூடவில்லை. சில நிகழ்வுகளில் எல்லாருமே சற்றுக் கூடியிருப்பார்கள். பிழை வந்ததும் கடைகளின் கணினிகள் அதே கோரிக்கையை மறுபடி அனுப்புவதால் வரும் ஏற்றம் அது. அப்போது யார் அதிகம் ஏறினார் என்பதைவிட, பிழை தொடங்கும் முன்பே யார் ஏறினார் என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை கைவிட்ட இடத்தில் நேரம் கைகொடுக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எத்தனை வொர்க்கர்களைப் பிடித்துவைத்திருக்கிறார்? 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கி இன்று பரவலாகப் பயன்படும் பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் இதை ஒரே வரியில் கேட்கலாம்:

```
topk(5, sum by (customer) (rate(work_seconds_sum[5m])))
```

கடந்த ஐந்து நிமிடத்தில், ஒரு வினாடிக்கு எத்தனை வினாடி வேலை ஒவ்வொருவருக்காகவும் நடந்தது என்பதே இதன் விடை. அதாவது, சராசரியாக அவர் பிடித்திருந்த வொர்க்கர்களின் எண்ணிக்கை.

இப்போது பட்டியலின் உச்சியில் ஒரு மருந்துக்கடைத் தொடர். நிமிடத்துக்கு வழக்கம்போல 200 கோரிக்கைகள்தான் அனுப்புகிறது. முன்பு அதற்கு ஒரு வொர்க்கர்கூட முழுதாகத் தேவைப்பட்டதில்லை. இன்று அவற்றில் 13 பிழையாகித் திரும்ப, நிறைவேறிய 187-இல் ஒவ்வொன்றும் சராசரியாக 7.5 வினாடி எடுத்திருக்கிறது. பெருக்கினால் சுமார் 1,400 வினாடி, 23 வொர்க்கர்கள். மற்ற எல்லாருக்கும் சேர்த்து 39 வேண்டும், மிஞ்சியிருப்பதோ 37. காரணம் தேடினால், அவர்கள் ஒவ்வொரு கிளைக்கும் முழு ஆண்டின் விற்பனை அறிக்கையை அடுத்தடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் டேட்டாபேஸ் லட்சக்கணக்கான வரிகளைப் புரட்டுகிறது.

இந்த அளவையில் இரண்டு குழிகள் உண்டு. வரிசையில் காத்திருந்த நேரத்தையும் வேலை நேரத்தோடு சேர்த்து அளந்தால், நெரிசலில் எல்லாருடைய எண்ணும் வீங்கிக் குற்றவாளி கூட்டத்தில் மறைந்துவிடுவார். வொர்க்கர் கையில் எடுத்த நொடியிலிருந்துதான் கடிகாரம் ஓட வேண்டும். இரண்டாவது, நேரம் பதிவாவது வேலை முடிந்த பிறகே. பத்து நிமிடமாக முடியாமல் ஓடும் அறிக்கை பட்டியலில் பூஜ்யமாகவே இருக்கும். அதனால் இந்தக் கணத்தில் யாருடைய எத்தனை கோரிக்கைகள் நடந்துகொண்டிருக்கின்றன என்பதையும் தனியே எண்ண வேண்டும்.

எல்லாவற்றையும் எல்லா வகையிலும் பிரித்து வைக்கலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. 400 வாடிக்கையாளர், 30 வகைக் கோரிக்கை, 6 விடைக் குறியீடு, 10 சர்வர் எனப் பெருக்கினால் 7,20,000 தனித்தனி எண் வரிசைகள். கண்காணிப்பு மென்பொருள் தானே மூச்சுத் திணறும். வாடிக்கையாளர், சர்வர், விடையின் மூன்று பெரும் வகை என்று நிறுத்திக்கொண்டால் 12,000 போதும். எந்தக் கோரிக்கை, எந்தக் கிளை என்ற நுணுக்கத்தைச் சந்தேகத்துக்குரியவர் தெரிந்த பிறகு பதிவேட்டில் தேடிக்கொள்ளலாம்.

ஆளைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கத் தேவையில்லை. மருந்துக்கடைத் தொடரும் பில் போட்டாக வேண்டும். அவர்கள் செய்தது தவறும் இல்லை. அவர்களுடைய அறிக்கைக் கோரிக்கைகளுக்கு மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து வொர்க்கர் என்று வரம்பு வைத்தால் போதும். மொத்தத் தேவை சுமார் 45 ஆகிவிடும். கண்டுபிடிப்பு சரியா என்பதற்கும் இதுவே சோதனை. வரம்பு வைத்த சில நிமிடங்களில் மற்ற 399 பேரின் பிழை விகிதமும் சேர்ந்தே பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பிடித்தது தவறான ஆள். அப்போது வரம்பை நீக்கிவிட்டு, இந்தக் கணக்கில் சிக்காத இடங்களில் தேட வேண்டும்: கோரிக்கை எதுவும் இல்லாமலே பின்னணியில் ஓடும் இரவுநேரக் கணக்கு வேலைகள், பெரிய தரவு ஏற்றங்கள், டேட்டாபேஸைப் பூட்டி வைத்திருக்கும் ஏதோ ஒரு வினவல்.